சருகா, தேங்காய் மட்டையா: கோடைத் தொட்டிகளுக்கான மூடாக்கு

கோடையில் தொட்டி மண்ணுக்கு மூடாக்கு இடும்போது சருகு நல்லதா, தேங்காய் மட்டை நல்லதா என்ற கேள்விக்கு, எது ஆவியாதலை அதிகம் தடுக்கிறது என்பதை மட்டும் வைத்தே பெரும்பாலும் விடை தேடப்படுகிறது. 5 செ.மீ. கனத்துக்கு இடைவெளியின்றிப் பரப்பினால் இரண்டுமே வெயிலையும் காற்றையும் மண்ணிலிருந்து நன்றாகவே மறைத்துவிடுகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரிவது, நாம் மேலிருந்து ஊற்றும் நீர் மண்ணைச் சென்றடையும் வழியில்தான்.

வாய் 30 செ.மீ. விட்டம் கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மண்பரப்பு ஏறத்தாழ 700 சதுர செ.மீ.; அதிலிருந்து 1 மி.மீ. நீர் ஆவியானால் 70 மி.லி. இழப்பு. ஈரமான வெற்று மண் ஒரு நாளில் 4 மி.மீ. இழப்பதாக வைத்துக்கொண்டால், செடிக்குப் பயன்படாமலே 280 மி.லி. போய்விடுகிறது. மேல்மண் காய்ந்தபின் அந்தக் காய்ந்த அடுக்கே ஓரளவு தடையாகி இழப்பைக் குறைக்கும் என்றாலும், தினமும் சிறிது சிறிதாக நீர் ஊற்றுபவர் அந்த மேற்பரப்பைத் தினமும் மீண்டும் நனைத்து, இழப்பை முதலிலிருந்து தொடங்கி வைக்கிறார். மூடாக்கினால் அதிக மிச்சம் கிடைப்பது இத்தகைய தொட்டியில்தான்: அகன்ற வாய், சிறிய செடி, அடிக்கடி நீர். மாறாக, தழைத்து மண்ணையே நிழலாக்கிவிட்ட செடியில் நீரின் பெரும்பகுதி இலைகள் வழியாக வெளியேறுகிறது. சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் கசிந்து ஆவியாகிறது. இந்த இரண்டு இழப்புகளையும் எந்த மூடாக்கும் தடுக்காது.

சருகின் தன்மை இலையின் அளவைப் பொறுத்தே அமைகிறது. வேம்பு, புளி போன்றவற்றின் சிற்றிலைகள் தளர்வாகப் படிந்து, ஊற்றும் நீரைத் தாமதமின்றிக் கீழே விடுகின்றன. மா, பலா, பாதாம் போன்ற அகன்ற, தோல் தடித்த இலைகளை முழுதாகப் போட்டால், அவை நனைந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஓடு வேய்ந்த கூரைபோல் ஆகிவிடும். நீர் அவற்றின்மேல் வழிந்து தொட்டியின் விளிம்போரமாக இறங்கி அடித்துளையில் வெளியேற, வேர்ப்பகுதியின் நடுமண் வறண்டே கிடக்கும். நீர் ஊற்றிய சிறிது நேரத்திலேயே அடியில் வடிந்தும், நடுவில் விரல் விட்டுப் பார்த்தால் மண் உலர்ந்தும் இருப்பது இதற்கான அடையாளம். அகன்ற இலைகளைக் கையால் நொறுக்கி இடுவது இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். நொறுங்கிய சருகு சில வாரங்களில் படிந்து பாதிக்குப் பாதியாகக் குறைவதால், அவ்வப்போது மேலே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று வீசும் மொட்டை மாடியில் அது தொட்டியில் நிற்பதும் கடினம்.

சருகு மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. மண்ணோடு கிளறிக் கலந்தால் அந்த அச்சம் நியாயமானது. மேலே பரப்பி வைக்கும்போது, சருகும் மண்ணும் தொடும் மெல்லிய அடுக்கோடு அந்த விளைவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

தேங்காய் மட்டையை வேறு விதமாக அணுக வேண்டும். நாரும் அதனிடையே பஞ்சுபோன்ற சோறும் நிறைந்த அது, மேலிருந்து வரும் நீரில் முதல் பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. காய்ந்த மட்டைத் துண்டுகளின்மேல் ஒரு குவளை நீரைத் தெளித்தால், அதில் கணிசமான பகுதி மட்டையிலேயே தங்கி, மண்ணைத் தொடாமலே அடுத்த வெயிலில் ஆவியாகிவிடலாம். எவ்வளவு தங்குகிறது என்பதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்: காய்ந்த துண்டுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, தொட்டியில் பரப்பி, வழக்கமாக ஊற்றும் அளவு நீரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து அவற்றை மட்டும் எடுத்து மீண்டும் நிறுக்க வேண்டும். எடையில் கூடிய ஒவ்வொரு கிராமும் மண்ணுக்குப் போய்ச்சேராத ஒரு மில்லிலிட்டர். அந்தத் தொகை ஊற்றிய நீரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், நீர் ஊற்றும் முறையையோ மூடாக்கையோ மாற்றுவதே சரி என்பது என் கருத்து.

மட்டையை எப்படி வைக்கிறோம் என்பதும் இதில் சேர்கிறது. தென்னந்தோப்பில் வட்டப்பாத்தியின் மேல் மூடாக்காகப் பரப்பும்போது மட்டையின் புடைத்த பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைப்பதே பரிந்துரைக்கப்படும் முறை. ஈரத்தைச் சேமிக்க மண்ணுக்குள் புதைக்கும்போதுதான் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கும். தொட்டிக்கு முதல் முறையே பொருந்தும். வழவழப்பான வெளித்தோல் நீரை அதிகம் உறிஞ்சாமல் இடுக்குகளின் வழியே மண்ணுக்கு இறக்கிவிடுகிறது, நார்ப்பக்கம் மண்ணை ஒட்டி நிழலில் கிடக்கிறது. மல்லாத்தி வைத்த மட்டை கிண்ணம்போல் நீரைத் தேக்கி, கொசுவுக்கு இடம் கொடுக்கும்.

புதிதாக உரித்த மட்டையில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகிய உப்புகளும், நீரைப் பழுப்பாக்கும் டானினும் உள்ளன. பயன்படுத்துவதற்கு முன் ஓர் இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மேலும் இரண்டு மூன்று முறை அவ்வாறே செய்ய வேண்டும். நீர் வெளுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து உப்பு நீங்கியதாகக் கொள்ளக் கூடாது. நிறம் தருவது டானின், உப்புக்கு நிறமில்லை. மழையில் நனைந்து கிடந்து நிறம் மங்கிய பழைய மட்டை கிடைத்தால் அதுவே மேலானது. மட்டை இட்ட பிறகு இலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகத் தொடங்கினால், உப்பு மிகுந்திருக்கலாம் என்று ஐயுற்று, மட்டையை அகற்றி, அடித்துளையில் தாராளமாக வடியும்வரை நீர் ஊற்றி மண்ணை அலச வேண்டும்.

ஆகவே நான் தேர்வு செய்வது நீர் ஊற்றும் பழக்கத்தைப் பார்த்துத்தான். பூவாளியால் தினமும் கொஞ்சம் தெளிப்பவருக்கு நொறுக்கிய சருகையே சொல்வேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடித்துளையில் வடியும்வரை ஊற்றுபவருக்கும், சொட்டுநீர்க் குழாயை மூடாக்கின் கீழே பதித்திருப்பவருக்கும் மட்டை ஏற்றது; குழாய் கீழே இருந்தால், மேலிருந்து வரும் நீரில் மட்டை எடுக்கும் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்று மிகுந்த இடத்தில் 3 செ.மீ. சருகைப் பரப்பி, அதன்மேல் இரண்டு மூன்று மட்டைத் துண்டுகளைக் கவிழ்த்துப் பாரமாக வைப்பது இரண்டையும்விட நன்றாக நிற்கிறது.

எதை இட்டாலும், முதலில் மண்ணை முழுமையாக நனைத்துவிட்டே மூட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்த நிலையே நீடிக்கும். தூரைச் சுற்றி 3 செ.மீ. வெற்றிடம் விடாவிட்டால் ஈரம் தண்டில் தங்கி அழுகல் வரும். கள்ளி போன்ற சதைப்பற்றுச் செடிகளுக்கு இந்த இரண்டுமே வேண்டாம். மூடாக்கின் மேற்புறம் காய்ந்திருப்பதைப் பார்த்து நீர் ஊற்றுவதே இங்கு அதிகம் நேரும் பிழை. அதை விலக்கி, மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஈரமான மண்ணுக்கு மேலும் நீர் சேர்ந்தால் செடி வாடியதுபோல் தொங்கும். அதைத் தாகம் என்று எண்ணி மீண்டும் ஊற்றினால் வேர் அழுகும்.

மழை தொடங்கியதும் மட்டைத் துண்டுகளை எடுத்து உலர்த்தி வைத்தால் அடுத்த கோடைக்கும் உதவும். சருகில் மட்காத மேலடுக்கை மட்டும் நீக்கிவிட்டு, மண்ணோடு ஒட்டிக் கறுத்துப் பொடிந்த அடியடுக்கை அப்படியே விட்டுவிடலாம்.