பெயரை வைத்துக் கணிப்பதா, ஆளையே கேட்பதா?

ஒரு கணினிப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவர்களின் பட்டியல் என்னிடம் வந்தபோது அதில் பெயர், ஊர், கைபேசி எண் மூன்றுதான் இருந்தன. நிதி கொடுத்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இதில் பெண்கள் எத்தனை சதவீதம்? படிவம் தயாரித்த ஆள் அந்தக் கட்டத்தை வைக்க மறந்துவிட்டார். அந்த ஆள் நான்தான்.

சரி, பெயர் இருக்கிறதே, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று இறங்கினேன். கடைசியில் எல்லோருக்கும் செய்தி அனுப்பிக் கேட்டுத்தான் முடித்தேன். நடுவில் முயன்று பார்த்த வழிகளையும், ஏன் அவற்றை விட்டேன் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

முதல் வழி, ஈற்றெழுத்தைப் பார்க்கும் விதி. 'அன்' என்று முடிந்தால் ஆண், 'இ' என்று முடிந்தால் பெண். மூர்த்தி, பழனி, ரவி, பாலாஜி, கந்தசாமி எல்லோரும் வரிசையாகப் பெண்களானார்கள். தங்கமும் மரகதமும் எதிலும் சேரவில்லை. மணி, சக்தி, ஜோதி, முத்து ஆகிய பெயர்கள் இரு பக்கமும் உண்டு. அரை மணி நேரத்தில் அழித்துவிட்டேன்.

அடுத்தது gender-guesser என்ற பைத்தான் தொகுப்பு. இலவசம், இணையம் வேண்டாம், யாருடைய பெயரும் நம் கணினியை விட்டு வெளியே போகாது. அதன் ஆவணமே காட்டும் எடுத்துக்காட்டு இது:

```python
import gender_guesser.detector as gender
d = gender.Detector()
d.get_gender("Jamie")                   # mostly_female
d.get_gender("Jamie", "great_britain")  # mostly_male
```

பெயர் ஒன்றுதான். நாட்டைச் சொன்னதும் பதில் மறுபக்கம் சாய்கிறது. இன்னொரு சின்னச் சிக்கல்: இயல்பாகவே இது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும். நம் ஊர்ப் பட்டியல்களில் பாதி முழுக்கப் பெரிய எழுத்தில்தான் இருக்கும். `case_sensitive=False` கொடுக்காமல் ஓட்டினால், தெரிந்த பெயருக்கும் `unknown` என்றே வரும். அதைச் சரிசெய்த பிறகும் எனக்குப் பெரும்பாலும் `unknown`தான் வந்தது. உள்ளே இருக்கும் பெயர்ப் பட்டியல் பெரும்பகுதி ஐரோப்பியப் பெயர்களால் ஆனது. ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற நேர்மைக்காக இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

மூன்றாவது, genderize.io மாதிரி இணையச் சேவை. பெயரை அனுப்பினால் பாலினத்தோடு `probability`, `count` என்று இரண்டு எண்களும் வரும். முதல் எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அந்தச் சேவையின் சேகரிப்பில் இந்தப் பெயர் கொண்டவர்களில் எத்தனை பங்கு பெண்கள் அல்லது ஆண்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் பட்டியலில் இருக்கும் ஆளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. `count` சின்ன எண்ணாக இருந்தால் அந்தப் பங்கும் ஆட்டம் காணும்.

நாட்டுக் குறியீடு கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். இத்தாலியில் ஆந்திரேயா ஆண், ஜெர்மனியில் பெரும்பாலும் பெண் என்பது போன்ற இடங்களில் அது உதவும். இலங்கைக்கு வாருங்கள். `Vasantha` என்று எழுதியிருந்தால், சிங்களத்தில் அது வசந்த, ஓர் ஆண். தமிழில் வசந்தா, பெண். இரண்டும் ஒரே நாடு, ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டு. இந்தியாவுக்குள்ளேயே சோனம் என்றால் லடாக்கின் சோனம் வாங்சுக் நினைவுக்கு வருவார், நடிகை சோனம் கபூரும் வருவார். நாட்டுக் குறியீடு இங்கே என்ன செய்யும்?

இதுவரை சொன்னவை எல்லாம் தனித்தனிப் பிழைகள். அங்கே ஒன்று கூடும், இங்கே ஒன்று குறையும், மொத்தத்தில் சமமாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். என் மனதை மாற்றியது வேறொன்று.

பட்டியலில் ஒரு வரி `SELVARAJ KAVITHA` என்று இருந்தது. நிரல் இடைவெளியில் வெட்டி முதல் சொல்லை எடுத்தது. செல்வராஜ், ஆண். ஆனால் செல்வராஜ் அப்பா, படிக்க வந்தது கவிதா. நம்மிடம் குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, முன்னெழுத்துத்தான். அதை விரித்து எழுதச் சொன்னால் சிலர் முன்னால் எழுதுவார்கள், சிலர் பின்னால் எழுதுவார்கள். அப்படி விரியும் பெயர் அப்பாவுடையதாகவோ கணவருடையதாகவோதான் பெரும்பாலும் இருக்கும். அதாவது ஆண் பெயர்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 பேர், அதில் 100 பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண்களில் 20 பேரும் ஆண்களில் 20 பேரும் அப்பா பெயரை முன்னால் எழுதியிருக்கிறார்கள். கருவி எல்லாப் பெயரையும் பிழையில்லாமல் அறிந்தது என்றே கொள்வோம். அந்த 20 ஆண்கள் ஆண்களாகவே எண்ணப்படுவார்கள், தவறான பெயரைப் பார்த்தும் பதில் சரி. அந்த 20 பெண்களும் ஆண்களாகிவிடுவார்கள். 200 பேரில் 180 பேருக்குச் சரியான பதில், 90 சதவீதத் துல்லியம் என்று மார்தட்டலாம். ஆனால் நம்மிடம் கேட்ட கேள்விக்கு 50 என்பதற்குப் பதில் 40 என்று சொல்லியிருப்போம். பிழை ஒரே பக்கம்தான் விழுகிறது, எதிர்ப்பக்கம் ஈடுசெய்ய எதுவும் இல்லை. பட்டியல் எவ்வளவு பெரிதானாலும் இது கரையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல சமூகங்களில் பாலினக் குறிப்பு பெயர்வரியிலேயே இருக்கும், ஆனால் இடுபெயரில் இருக்காது. குர்ப்ரீத் ஆணா பெண்ணா என்று அந்தச் சொல்லை வைத்துச் சொல்ல முடியாது, பின்னால் சிங் வருகிறதா கவுர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வியட்நாமியப் பெயர்களில் பழைய வழக்கப்படி நடுவில் தி வந்தால் பெண், வன் வந்தால் ஆண். மலேசியத் தமிழர்களின் ஆவணங்களில் `a/l` மகன், `a/p` மகள். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதித் தர மாட்டார்கள். நாமோ தரவைச் சுத்தம் செய்கிறோம் என்று முதல் வேலையாகச் சாய்கோட்டையும் ஒற்றை எழுத்துகளையும் நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கருவியிடம் கொடுத்துக் கேட்கிறோம்.

அதனால் கேட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி: பெண், ஆண், திருநங்கை, திருநம்பி, வேறு, சொல்ல விருப்பமில்லை. மேலே சொன்ன எந்தக் கருவியிலும் கடைசி நான்குக்கு இடமே இல்லை. பதில் வராதவர்களுக்கு ஒருமுறை போன் செய்தோம். அப்புறமும் வராதவர்களை அறிக்கையில் தனி வரியாகவே போட்டேன், எந்தப் பக்கமும் தள்ளவில்லை. கருவி ஒரு நிமிடத்தில் முடித்ததற்கு இது ஒரு வாரம் பிடித்தது.

கேட்க முடியாத இடங்களும் உண்டு. பழைய ஆய்விதழ்களின் ஆசிரியர் பட்டியலை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? அங்கே சேவையைப் பயன்படுத்தலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு நூறு பெயரையாவது கையால் சரிபார்த்து, பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மொத்தத் துல்லியத்தைப் பார்த்துப் பயனில்லை. நான் பார்த்தவை பெரும்பாலும் தமிழ்ப் பெயர்கள், சில நூறுதான். ஆயிரக்கணக்கில் கையாள்பவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

இப்போது படிவத்தில் 'உங்கள் பெயர்', 'தந்தை / தாய் / கணவர் பெயர்' என்று இரண்டு தனிக் கட்டங்கள் வைத்திருக்கிறேன், பாலினத்துக்கு ஒன்று. செய்தி அனுப்பியபோது ஒரு பெண், "இது எதுக்குண்ணா கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கட்டத்துக்குக் கீழே அதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.