பாட அறிக்கையா, செக்லிஸ்ட்டில் ஒரு வரியா?

திட்டம் முடிந்ததும் ‘கற்ற பாடங்கள்’ கூட்டம் நடக்கும். அதில் வந்ததை எழுதிவைக்க இரண்டு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் அறிக்கையாக்கிப் பொது ஃபோல்டரில் போடலாம். அல்லது, அடுத்த குழு எப்படியும் திறக்கப் போகிற மதிப்பீட்டுத் தாளிலோ செக்லிஸ்ட்டிலோ நேராகவே திருத்தலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு.

ஓர் உதாரணம். பழைய மென்பொருளில் இருக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் புதியதற்கு மாற்ற வேண்டும். 2 வாரம் என்று போட்ட வேலை 5 வாரம் இழுத்துவிட்டது. அறிக்கையில் இது, “தரவின் தரத்தில் கூடுதல் கவனம் தேவை” என்று பதிவாகும். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு எதையும் மாற்றிச் செய்யவும் முடியாது.

செக்லிஸ்ட்டில் அப்படி எழுத இடமில்லை. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதற்குக் காரணத்தைத் தோண்டியே ஆக வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் மீளாய்வு முறையில் வரும் கேள்விகள் இங்கே உதவும்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை என்ன செய்வது. பாதி நேரத்தை மூன்றாவது கேள்விக்கே ஒதுக்குங்கள். ஏன் 5 வாரம்? ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தன. ஏன் முன்பே தெரியவில்லை? வாடிக்கையாளர் பொறுக்கிக் கொடுத்த 500 சுத்தமான பதிவுகளை வைத்து மதிப்பீடு போட்டார்கள்; தேதி சொன்ன பிறகுதான் முழுத் தரவு வந்தது. (தேதியை அவசரமாக வாக்களித்தவர் கூட்டத்தில் இருந்தால் இது வெளியே வராது. முந்தைய நாளே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிடுவது நல்லது.)

இப்போது வரி தானாக அமைகிறது: “முழுத் தரவின் நகலில் இரட்டைப் பதிவுகளை எண்ணிப் பார்க்கும்வரை தேதி சொல்லக் கூடாது. பொறுப்பு: மதிப்பீடு போடுபவர்.” அதன் கீழே காரணத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு யாரோ தேவையில்லை என்று அழித்துவிடுவார்கள்.

சரி, அறிக்கைக்கு வேலையே இல்லையா? உண்டு. ஒப்பந்தக்காரரை ஏன் மாற்றினோம் என்பது போன்ற, பின்னணியோடு சொல்ல வேண்டிய முடிவுகளுக்கு அதுதான் சரியான இடம். ஆனால் தேடி வந்து படிப்பார்கள் என்று நம்ப முடியாது. நாசாவிடம் இதற்கென்றே ஒரு தரவுத்தளம் இருந்தும், திட்ட மேலாளர்கள் அதை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள் என்று அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2012இல் சொன்னது.

செக்லிஸ்ட் வழிக்கும் ஆபத்து உண்டு: பட்டியல் வீங்கினால் படிக்காமலே டிக் அடிப்பார்கள். அதனால் திட்டத்துக்கு இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் வேண்டாம்; சேர்க்கும்போதே பழசில் எதை எடுக்கலாம் என்றும் பாருங்கள். செக்லிஸ்ட்டைப் பராமரிப்பவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள், அங்கேயே திருத்தம் முடிந்துவிடும். அப்புறம், அடுத்த திட்டத்தின் மதிப்பீட்டைத் திறந்து பாருங்கள். இரட்டைப் பதிவுகள் எத்தனை என்ற கட்டத்தில் எண் இருந்தால், பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெறும் டிக் மட்டும் இருந்தால், இன்னும் சேரவில்லை.