ஜேபெக்கிலிருந்து நிறம் எடுப்பது: ஆறு வருஷ கிம்ப் அனுபவம்

போன வாரம் புனலூரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் தம்பி கூப்பிட்டார். "அண்ணாச்சி, சிப்ஸ் லேபிளுக்கு நீங்க சொன்ன அரக்கு வேற, நீங்க அனுப்பின படத்துல இருந்து எனக்கு வர்றது வேற. பிரவுனா வருதே?" என்றார். செங்கோட்டையில் உட்கார்ந்து ஆறு வருஷமாக கிம்ப் என்ற பட மென்பொருளில் லேபிள் வரைகிறேன். இந்தக் கேள்வி மட்டும் வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது.

கிம்ப்பின் கலர் பிக்கரை நான் குறை சொல்ல மாட்டேன். `O` அழுத்தினால் கையில் வந்துவிடும், எந்த பிக்சலைத் தொட்டாலும் அதில் இருக்கும் எண்ணை அப்படியே காட்டும். என் எரிச்சல் அந்த எண்ணின் மேல்தான். ஆறு இலக்கத்தில் அத்தனை உறுதியாக வந்து நிற்பதால், பார்ப்பவர் அதுதான் வரைந்தவர் வைத்த நிறம் என்று நம்பிவிடுகிறார்.

என் கோப்பில் அரக்கு `#8B1A2B`, அதாவது சிவப்பு 139, பச்சை 26, நீலம் 43. ஜேபெக் இதை இப்படியே வைத்துக்கொள்வதில்லை. முதலில் வெளிச்சத்துக்கு ஒரு எண்ணும் நிறச் சாயலுக்கு இரண்டு எண்ணுமாக மாற்றுகிறது. வெளிச்சம் 61.7 வருகிறது, அதை 62 ஆக்குகிறது. சாயல்கள் 117.4, 183.1, அவை 117, 183 ஆகின்றன. இந்த மூன்று முழு எண்ணையும் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டால் 139, 27, 43, அதாவது `#8B1B2B`. பச்சை ஒன்று கூடிவிட்டது. தரத்தை 100-ல் வைத்துச் சேமித்தாலும் இது நடக்கும். ஆனால் இந்த ஒன்றைக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அதே 27-ஐ மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் 27-ஆகவே திரும்பி வருகிறது, மேலும் நகர்வதில்லை. இதற்காக யாரோடும் சண்டை போடத் தேவையில்லை.

தம்பிக்கு வந்த பிரவுனுக்குக் காரணம் வேறு. அவர் நிறம் எடுத்தது மஞ்சள் பின்னணியில் இருந்த மெல்லிய மலையாள எழுத்தின் ஓரத்தில். கோப்பைச் சின்னதாக்க, பெரும்பாலான ஜேபெக்குகள் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, சாயலை மட்டும் இரண்டுக்கு இரண்டு என நாலு பிக்சலுக்கு ஒன்றாகச் சராசரி ஆக்கிவிடும். இதற்கு `4:2:0` என்று பெயர். அந்த நாலில் இரண்டு என் அரக்கு, இரண்டு என் மஞ்சள் `#F7C600` என்று வையுங்கள். மஞ்சளின் சாயல் 21, 169. சராசரி போட்டால் 69, 176. அரக்கு பிக்சலின் வெளிச்சம் 62 அப்படியே இருக்கிறது, சாயல் மட்டும் கலந்துவிட்டது. விளைவு `#813000`. நீலம் முழுக்கப் போய்விட்டது, பச்சை 26-லிருந்து 48-க்கு ஏறிவிட்டது. அரக்கு பிரவுன் ஆனது இப்படித்தான். படத்தைத் திறக்கும் நிரல் சாயலைக் கொஞ்சம் இழைத்துக் காட்டுவதாலும், எட்டுக்கு எட்டு கட்டங்களில் நடக்கும் சுருக்கத்தாலும் திரையில் எண் கொஞ்சம் முன்பின் வரும். தம்பிக்கு வந்ததும் இதை ஒட்டித்தான் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க, படத்தை 800 சதவீதம் பெரிதாக்கி, பிக்கரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் எண் துள்ளும். ஒரே நிறமாகப் பரந்த பட்டையான இடத்தின் நடுவில் ஒன்றிரண்டுக்கு மேல் அசையாது. நடுவிலேயே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிறம் மங்கித் தெரிந்தால் அது ஜேபெக் சுருக்கத்தின் வேலையாக இருக்காது, எண்ணை எந்த நிறமாகக் காட்ட வேண்டும் என்று சொல்லி கோப்போடு வந்த கலர் புரொஃபைல் வழியில் கழன்றிருக்கலாம்.

பிக்கரில் சுற்றியிருக்கும் பிக்சல்களின் சராசரியை எடுக்கும் `Sample average` டிக் செய்தால் போதுமே என்பார்கள். பட்டையான இடத்தில் அது நல்ல உதவி, புள்ளி புள்ளியான அழுக்கைச் சமன் செய்துவிடும். ஆனால் மெல்லிய எழுத்தில் அதையே செய்தால் மஞ்சளையும் சேர்த்துத்தான் சராசரி எடுக்கும், இன்னும் மோசமாகும். நடுவில் எடுத்தாலும் அந்த 27 திரும்ப 26 ஆகாது. எல்லா பிக்சலும் 27 என்றால் சராசரியும் 27தானே.

ஜேபெக்தான் அனுப்பியாக வேண்டும் என்றால், ஏற்றுமதி செய்யும்போது, சாயலையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொள்ளும் `4:4:4` தேர்ந்தெடுப்பேன். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், ஆனால் ஓரத்தில் சாயல் இப்படிக் கலக்காது. அப்படி அனுப்பியும் மெசேஜ் ஆப் வழியிலேயே மறுபடி சுருக்கிவிட்டால் என் உழைப்பு வீண். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அங்கேதான்.

கலர் பிக்கர் நல்ல கருவி, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் கடை நிறத்தை அதில் எடுத்து அச்சுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். தம்பிக்கு பி.என்.ஜி. கோப்பையும், தனியாக எழுதி அந்த ஆறு இலக்கத்தையும் அனுப்பிவிட்டேன். அதற்குள் அவர் பிரவுனில் நாலு தாள் அடித்து முடித்திருந்தார்.