தரம் 10 மாணவிக்கு ஒரு இலட்சம் ரூபாய்க்குள்: டேப்பா, மடிக்கணினியா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கையின் மகள் இந்த ஆண்டு தரம் 10. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மாலையில் சூம் வகுப்பு. பாடசாலையில் தொகுதிப் பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுத்திருக்கிறாள். இதுவரை தாயின் கைப்பேசியிலேயே எல்லாம் நடந்தது. "அண்ணா, ஒரு இலட்சத்துக்கு மேல் என்னால் முடியாது. உயர்தரம் முடியும்வரை தாங்க வேண்டும்" என்று தங்கை சொன்னாள். உயர்தரம் முடிய இன்னும் நான்கு ஆண்டுகள். ஆகவே நான்கு ஆண்டு உழைக்குமா என்பதையே நான் முதற்கேள்வியாக வைத்துக்கொண்டேன். விலையை அதற்குப் பிறகே பார்த்தேன்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஏறி இறங்கினோம். அன்று எங்களிடம் சொன்ன விலைகளில் அந்தப் பணத்துக்குள் மூன்று வகைப் பொருள்கள் அகப்பட்டன. பேனாவோடு வரும் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் ஒரு இலட்சத்தை ஒட்டி இருந்தது. 64 ஜி.பி. சேமிப்புள்ள புத்தம்புதிய சிறு மடிக்கணினி அதைவிடச் சற்றுக் குறைவு. வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்த 14 அங்குல லெனோவோ திங்க்பேட் டி480 சுமார் 85,000 ரூபாய். டொலரோடு சேர்ந்து இவை ஏறும், இறங்கும். கடைக்குக் கடையும் ஐயாயிரம், பத்தாயிரம் வேறுபடும்.

இந்த மூன்றில் முதலில் நான் ஒதுக்கியது அந்தப் புது மடிக்கணினியைத்தான். தங்கைக்கு அதில்தான் மனம் இருந்தது. பெட்டி பிரிக்காத பொருள், ஓராண்டு உத்தரவாதம், எடையும் குறைவு. குறை அதன் சேமிப்பில் இருக்கிறது. மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் இருப்பதில்லை. கைப்பேசிகளில் இருப்பது போன்ற இ.எம்.எம்.சி. என்ற சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது மெதுவானது. பின்னர் கழற்றிப் பெரிதாக ஒன்றைப் போடவும் முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த சேமிப்பே 64 ஜி.பி. விண்டோஸும் அதன் துணைக்கோப்புகளும் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ள, மிச்சத்தில் சில மென்பொருள்களும் வகுப்புக் காணொளிகளும் சேர்ந்தால் இடம் முடிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய புதுப்பித்தலுக்குப் பல ஜி.பி. வெற்றிடம் தேவை. அது கிடைக்காமல் புதுப்பித்தல் பாதியில் நின்று, மறுநாள் மீண்டும் தொடங்கி, மீண்டும் நிற்கும். "கணினி ஊர்கிறது" என்று பெற்றோர் கொண்டுவரும் மலிவு மடிக்கணினிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

அட்டையில் "64GB SSD" என்று எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். கடையிலேயே விண்டோஸின் PowerShell என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைக் கொடுத்துப் பாருங்கள்:

```
Get-PhysicalDisk | Select FriendlyName, BusType, Size
```

BusType என்பதன் கீழ் NVMe என்று வந்தால் அது எஸ்.எஸ்.டி. SATA என்று வந்தால் எஸ்.எஸ்.டி. அல்லது பழைய வன்தட்டு. SD அல்லது MMC என்று வந்தால் பற்றவைத்த சில்லு. எனக்கு முன்னால் இருந்த புதுக் கணினி SD என்று காட்டியது. அதை மூடிவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

டேப்பிலும் 64 ஜி.பி.தான். ஆனால் அங்கே நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு விண்டோஸைவிடக் குறைந்த இடத்தைப் பிடிக்கிறது. பாடக்குறிப்புகளையும் காணொளிகளையும் நினைவட்டைக்கு மாற்றலாம். செயலிகள் பலவற்றை அப்படி மாற்ற முடியாது. பி.டி.எப். குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், சூம் இவற்றுக்கு அது போதும்.

பேனாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டேப் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். எல்லா டேப்பிலும் எழுதலாம் என்று கடைக்காரர் சொல்வார். அவர் எடுத்துத் தருவது சில நூறு ரூபாய்க்கு விற்கும் இறப்பர் முனைப் பேனாவாக இருக்கும். திரைக்கு அது ஒரு விரல், அவ்வளவுதான். 50,000 ரூபாயை ஒட்டி விற்ற கேலக்ஸி டேப் ஏ9 போன்றவற்றில் இப்படித்தான் எழுத முடியும். சாம்சங்கின் எஸ் பென் அதில் வேலை செய்யாது. மெல்லிய முனையோடு மின்னேற்றிப் பாவிக்கும் பொதுப் பேனாக்களும் விரலைப் போல நடிப்பவையே. உள்ளங்கையைத் திரையில் ஊன்றியதும் கோடு வேறெங்கோ விழும். எஸ்6 லைட்டின் பேனா வேறு வகை. திரைக்கு அடியில் இருக்கும் மின்காந்தத் தளம் பேனாவைத் தனியாக அறிந்துகொள்கிறது. பேனாவுக்கு மின்கலம் தேவையில்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் திரைக்குத் தெரியும், கையை ஊன்றி எழுதலாம்.

இதைச் சோதிக்க இரண்டு காரியம் செய்தோம். அடிமட்டத்தை வைத்து மூலைக்கு மூலை மிக மெதுவாக ஒரு கோடு இழுத்தோம். மட்டமான பேனாவில் அந்தக் கோடு படிக்கட்டுப் போல அலையும். பிறகு மருமகளைக் கொப்பியில் எழுதும் அளவிலேயே "கண்ணாடி வில்லை" என்று எழுதச் சொன்னேன். தமிழுக்கு இது நல்ல சோதனை. ண, லை போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறியவை. இறப்பர் முனையில் அவை ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும், இரண்டு மடங்கு பெரிதாக எழுத வேண்டி வரும். எஸ்6 லைட்டில் அவளுடைய கையெழுத்து அப்படியே விழுந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அவள் தன் ஆசிரியர் அனுப்பிய ஒரு வேர்ட் கோப்பை அந்த டேப்பில் திறந்தாள். தலைப்பில் "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "jkpo;" என்று இருந்தது. "மாமா, கோப்பு பழுதா?" என்று கேட்டாள். கோப்பில் பழுதில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. இலங்கையில் இன்றும் எத்தனையோ ஆசிரியர்களும் அச்சகங்களும் பாமினியில்தான் வேலை செய்கிறார்கள். அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரியும். மடிக்கணினியில் பாமினியை நிறுவ அரை நிமிடம் போதும். ஆண்ட்ராய்டு டேப்பில் அது அவ்வளவு எளிதல்ல. ஒவ்வொரு கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றி வாசிக்க வேண்டும், அல்லது ஆசிரியரிடம் பி.டி.எப். ஆகக் கேட்க வேண்டும். பி.டி.எப். கோப்புக்குள் எழுத்துரு பதிந்திருப்பதால் எங்கும் சரியாகத் தெரியும்.

இதோடு அவள் எடுத்த பாடத்தையும் சேர்த்துப் பாருங்கள். விரிதாளும் முன்வைப்பும் டேப்பில் ஒருவாறு செய்யலாம். தரவுத்தளத்துக்கு மைக்ரோசொப்ட் அக்சஸ் வேண்டுமென்றால் அது விண்டோஸ் கணினியில் மட்டுமே ஓடும். நிரல் எழுதிப் பழகுவதற்கு விசைப்பலகையும் பல சாளரங்களும் வேண்டும். உயர்தரத்திலும் இதே பாடத்தைத் தொடர்ந்தால் பைதன் வரும். பேனா எவ்வளவு நன்றாக எழுதினாலும் இந்த வேலைகளுக்கு உதவாது.

ஆகவே திங்க்பேட். ஆனால் பாவித்த மடிக்கணினியில் விலைச்சீட்டைவிட உள்ளே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். அதே தட்டில் டி470 ஒன்றும் இருந்தது, 15,000 ரூபாய் மலிவு. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாது. Windows + R அழுத்தி msinfo32 என்று கொடுத்து Processor என்ற வரியைப் பார்த்தேன். ஒன்றில் i5-7300U, மற்றதில் i5-8250U. இவற்றில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கமே தலைமுறை. விண்டோஸ் 11, இன்டெலின் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் முறைப்படி ஆதரவு தருகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. 7ஆம் தலைமுறையிலும் விண்டோஸ் 11ஐ வலிந்து நிறுவிக் கொடுக்கிறார்கள், அது ஓடவும் ஓடும். ஆனால் அடுத்தடுத்த பெரிய பதிப்புகள் தாமாக வரும் என்று நம்ப முடியாது. நான்கு ஆண்டு வேண்டும் என்பவருக்கு அந்த 15,000 ரூபாய் மிச்சம் மிச்சமே அல்ல.

டேப்பிலும் ஆயுளை இப்படித்தான் அளக்க வேண்டும். அமைப்புகளில் Software information என்பதன் கீழ் Android security patch level என்று ஒரு திகதி இருக்கும். இணையத்தில் இணைத்துப் புதுப்பித்த பிறகும் அது ஓராண்டுக்கு முந்திய திகதியாகவே நின்றால், அந்த மாதிரியைத் தயாரிப்பாளர் கைவிட்டுவிட்டார் என்று கொள்ளலாம். டேப்பின் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டது. மாற்றுவதற்குத் திரையைச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும், திரை உடையும் அபாயமும் உண்டு.

டி480இல் இரண்டு மின்கலங்கள். ஒன்று உள்ளே, மற்றது பின்புறம் கையாலேயே கழற்றக்கூடியது. கட்டளைத் திரையில் இதைக் கொடுத்தோம்:

```
powercfg /batteryreport
```

திரையில் காட்டும் இடத்தில் ஓர் அறிக்கை உருவாகும். அதில் DESIGN CAPACITY என்பது புதிதாக இருந்தபோது கொண்ட அளவு. FULL CHARGE CAPACITY இன்று கொள்ளும் அளவு. உள் மின்கலம் 24,050 mWh இலிருந்து 19,900க்கு வந்திருந்தது, அதாவது 83 வீதம், நல்ல நிலை. வெளி மின்கலம் 23,760இலிருந்து 11,200க்கு, பாதிக்கும் குறைவு. வெளி மின்கலத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். 6,000 ரூபாய் கூட்டிக்கொண்டு வேறொன்று போட்டார்கள். அதையும் அளந்தே எடுத்தோம்.

இந்த மாதிரியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இடப்பக்கம் இரண்டு யூ.எஸ்.பி.-சி துளைகள் உண்டு, இரண்டிலும் மின்னேற வேண்டும். அவற்றில் ஒன்று தண்டர்போல்ட் என்ற அதிவேகத் துளை. அதை இயக்கும் பழைய நிலைபொருளில் இருந்த ஒரு பிழையால் சிலவற்றில் அந்தத் துளை செயலிழந்துவிடும். மின்னேற்றியை இரண்டிலும் மாறி மாறிச் செருகிப் பார்த்தேன். கடலோர வீடென்பதால், துளைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று விளக்கடித்தும் பார்த்தேன்.

மொத்தம் 91,000 ரூபாய். 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; இரண்டையும் பின்னர் கூட்டலாம். கணிதத்தை அவள் கொப்பியில் செய்து கைப்பேசியில் படமெடுத்து அனுப்புகிறாள். பேனா இல்லாத குறை இருக்கத்தான் செய்கிறது. அவள் அந்தத் தொகுதிப் பாடத்தை எடுக்காமல் இருந்திருந்தால் நான் எஸ்6 லைட்டையே வாங்கியிருப்பேன். சிம் போடும் வகையானால் *#06# அழுத்தி வரும் இலக்கத்தை, IMEI என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு.

பாவித்த பொருளுக்குக் கடையின் உத்தரவாதம் மட்டுமே உண்டு. ஆறு மாதம் என்று வாயால் சொன்னார்கள். அதை மாதிரிப் பெயர், தொடரிலக்கம், இரு மின்கலங்களின் இலக்கங்கள் எல்லாவற்றோடும் பற்றுச்சீட்டில் எழுதி முத்திரை குத்தித் தந்த பிறகே தங்கை பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.