ஈஆர்பி மேம்பாட்டுக்கு நிதி ஒதுக்கீடு கோரி இயக்குநர் குழுவுக்கு

மதிப்பிற்குரிய இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். நமது ஈஆர்பி மென்பொருளில் அண்மையில் பழுதுநீக்கம் செய்த பிறகு, இதையே தொடரலாமே என்று குழுவில் கேட்கப்பட்டது. அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவரும் நிதித்துறையின் சார்பில் பதில் எழுதுகிறேன்.

பேரேட்டைப் பொறுத்தவரை அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஒரு வவுச்சர்கூடத் தொலைந்ததில்லை; இருப்பாய்வு ஒருமுறைகூட முரண்பட்டதில்லை.

என் குறை ஒன்றுதான். சப்ளையருக்குப் பணம் தரவேண்டிய கெடுவை, பில் பதிவான தேதியிலிருந்து அது எண்ணுகிறது. சட்டமோ, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கும் சரக்குக்கு, அதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணுகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இல்லை. 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு இதை வரியோடும் பிணைத்துவிட்டது.

45 நாள் ஒப்பந்தமுள்ள ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு பிப்ரவரி 10 அன்று வந்து, பில் மார்ச் 2 அன்று பதிவாகிறது என்று கொள்வோம். உண்மையான கெடு மார்ச் 27. திரையிலோ ஏப்ரல் 16 என்று தெரிவதால், மார்ச் 31 வரை பணம் போகாது. அந்த 10 லட்சம் அவ்வாண்டுச் செலவாக ஏற்கப்படாது; நமது 25.168 சதவீத விகிதப்படி சுமார் 2.5 லட்சம் ரூபாய் வரியை முன்கூட்டியே கட்ட நேரும். பணம் கொடுத்த ஆண்டில் அந்தக் கழிவு திரும்பக் கிடைக்கும் என்பதால் இதை முழு நட்டமாகக் காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் தாமதத்துக்கான வட்டி திரும்பாது: ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி, அதைச் செலவாகக் கழிக்கவும் இயலாது.

பழுதுநீக்கத்தில், சரக்கு வந்த தேதியைக் காட்டும் அறிக்கை ஒன்று மட்டும் சேர்க்கப்பட்டது. பணம் வழங்கும் பட்டியல் பழைய கெடுவிலேயே ஓடுகிறது. இரண்டையும் எக்செலில் கையால் ஒப்பிட்டுத்தான் மார்ச் மாதத்தைக் கடக்கிறோம். தரக் குறைபாட்டை 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால், அது நீங்கிய நாளே ஏற்ற நாளாகும். அந்தத் தேதியைப் பதிய இதில் இடமே இல்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு இதைத் தீர்வு என்று ஒப்படைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிய பதிப்பு ஏற்ற தேதியையும் சப்ளையரின் உத்யம் வகைப்பாட்டையும் கொண்டு கெடுவை நிர்ணயிக்கும். கிடங்கில் வரவுச் சீட்டை அன்றன்றே பதியாவிட்டால் அதனாலும் பயனில்லை; ஆகவே கோரும் 60 லட்சம் ரூபாயில் கிடங்குப் பணியாளர் பயிற்சியையும் சேர்த்துள்ளேன்.

பேரேட்டுக்காக இத்தனை பாராட்டியும், இதை நம்பி இன்னொரு மார்ச்சை எதிர்கொள்ள நான் உடன்படவில்லை. ஏப்ரல் 1 அன்று தொடக்க இருப்புகளுடன் மாறவும், அதற்கு முன் ஒரு காலாண்டு இரண்டையும் இணையாக ஓட்டிப் பார்க்கவும், செப்டம்பருக்குள் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிதித்துறைத் தலைவர்