ஜெர்மன் நண்பரிடம் கைமாற்றைக் கேட்க: ‘வசதிப்பட்டபோது’ என்பதா, ‘மாதக் கடைசிக்குள்’ என்பதா?

லைப்சிக்கில் என்னோடு படித்த ஜெர்மன் நண்பர் ஒருவருக்கு 180 யூரோ கைமாற்றாகக் கொடுத்திருந்தேன். வருடக் கடைசியில் ஹீட்டர் செலவுக்குக் கணக்குப் பார்த்து, வீட்டுக்காரர் அனுப்பிய பாக்கித் தொகையைக் கட்டத்தான் கேட்டார். ஜெர்மனியில் இதற்கு ‘நாஹ்ட்ஸாலுங்’ என்று பெயர். அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். அந்த மாதமும் போய்விட்டது. அவர் ஏமாற்றுகிறவர் இல்லை, மறந்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு ஜெர்மனில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. என் முன்னால் இருந்த வழிகளில் உண்மையான போட்டி இரண்டுக்குத்தான்.

முதலாவது, மொழி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பணிவான வாக்கியம்:

```
Könntest du mir bei Gelegenheit
die 180 Euro zurückgeben?
```

இரண்டாவது, ஜெர்மன்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் தோரணையில் இருப்பது:

```
Hey, denkst du noch an die 180 Euro
von der Nachzahlung?
Klappt das bis Monatsende?
Wenn's gerade eng ist,
sag einfach Bescheid.
```

‘அந்த 180 யூரோ இன்னும் நினைவில் இருக்கிறதா, மாதக் கடைசிக்குள் முடியுமா, இப்போது கை இறுக்கம் என்றால் சொல்லிவிடு’ என்பது இதன் சாரம். நான் அனுப்பியது இரண்டாவதை. இன்றைக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

பணிவை மட்டும் அளந்தால் முதல் வாக்கியம் ஒரு படி மேலே நிற்கும். ‘கொடுக்க முடியுமா’ என்று தயங்கிக் கேட்கிறது, ‘வசதிப்பட்டபோது’ என்றும் சேர்க்கிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை, யாரும் கோபப்படவும் மாட்டார்கள். குறை அந்த ‘பை கெலேகன்ஹைட்’ என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. அதைப் படிக்கிற நண்பர், அவசரமில்லை என்று அப்படியே எடுத்துக்கொள்வார். ‘சரி, தருகிறேன்’ என்று மனதார பதில் போட்டுவிட்டு மறுபடி மறந்துவிடுவார். அதில் அவர் தவறு எதுவும் இல்லை, நாம் கொடுத்த தவணையே அவ்வளவுதான்.

இந்த இரண்டில் எது நல்லது என்பதை முதல் தடவை கேட்கும் செய்தியை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. பணம் வராமல் போனால் மறுபடி கேட்கும் செய்தியை எப்படி எழுதுவோம் என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நட்பில் கசப்பு புகுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் தடவையில்தான்.

‘வசதிப்பட்டபோது’ என்று எழுதியவருக்கு மூன்று வாரம் கழித்துப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. எந்தத் தேதியும் தவறிப்போகவில்லை. ஆகவே மறுபடி கேட்க வேண்டும் என்றால் தானாகவே ‘நொஹ்மால்’, அதாவது ‘மறுபடியும்’, என்ற சொல் உள்ளே வந்துவிடும். அதைத் தாண்டினால் ‘இம்மர் நொஹ் நிஹ்ட்’ (இன்னமும் இல்லை), ‘எண்ட்லிஹ்’ (இப்போதாவது) என்று போகும். இந்த இரண்டும் ஜெர்மனில் குற்றச்சாட்டின் சொற்கள். முகம் தெரியாத வாட்ஸ்அப்பில் இன்னும் கனமாக விழும்.

‘மாதக் கடைசிக்குள் முடியுமா’ என்று கேட்டு, அவரும் சரி என்று சொல்லியிருந்தால் நிலைமை வேறு. பேசிய தேதி ஒன்று இருவருக்கும் பொதுவாக நிற்கிறது. ‘மாதக் கடைசி என்று பேசியிருந்தோமே, என்ன ஆயிற்று’ என்று அதைச் சுட்டினால் போதும்:

```
Hey, wir hatten ja Monatsende gesagt.
Wie sieht's aus?
```

இதில் ‘யா’ என்கிற சின்னச் சொல்லை விட்டுவிடாதீர்கள். ‘நம் இருவருக்கும் தெரிந்ததுதானே’ என்ற தொனியை அது கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் அதே வாக்கியம் விசாரணை மாதிரி ஒலிக்கும். நான் முதலில் அனுப்பிய செய்தியில் ‘இன்னும்’ என்ற பொருளில் இருக்கும் ‘நொஹ்’ செய்வதும் இதைப் போன்ற வேலைதான். கொடுக்கும் எண்ணம் அவரிடம் இருக்கிறது, காரியம் மட்டும் பாக்கி என்று அது எடுத்துக்கொள்கிறது. ‘நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்’ என்ற பொருளில் ‘ஷுல்டெஸ்ட்’ என்று எழுதினால் அந்த நம்பிக்கை அடிபட்டுப்போகும்.

கடைசி வரியும் முக்கியம். ‘இப்போது கை இறுக்கம் என்றால் சொல்லிவிடு’ என்பது தேதியை வைத்த கையோடு திறந்துவைக்கும் கதவு. அதைப் பார்த்துத்தான் என் நண்பர், பாதியை இந்த மாதமும் மீதியை அடுத்த மாதமும் தரலாமா என்று கேட்டார். அந்த வரி இல்லாவிட்டால் சங்கடத்தில் பேசாமலேயே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வரக்கூடிய பதில்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘Mach ich die Tage’. இரண்டொரு நாளில் செய்கிறேன் என்று பொருள், ஆனால் எந்த நாள் என்பது இல்லை. அங்கேயே விட்டால் மறுபடி தேதி இல்லாத நிலைக்கு வந்துவிடுவோம். ‘Super, passt dir Freitag?’ என்று உடனே ஒரு நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் வங்கிக் கணக்கின் ஐபான் எண்ணையும் அனுப்பிவிடுங்கள். எழுத்தும் இலக்கமுமாக 22 இடம் கொண்ட அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருப்பதிலேயே பலருடைய பணம் தங்கிவிடும்.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேபாலில் ‘Geld anfordern’ என்று பொத்தானை அழுத்திப் பணம் கேட்பது, பலர் சேர்ந்து பீட்சா சாப்பிட்ட கணக்குக்கும் பிறந்தநாள் பரிசுக்கும் பொருத்தம். தனி ஒருவருக்கு நெருக்கடியில் கொடுத்த பணத்தை ஒரு வார்த்தை எழுதாமல் செயலி வழியாகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘எனக்கே இப்போது பணமுடை’ என்று காரணம் சொல்லிக் கேட்பது உண்மையாக இருந்தால் சரி. பொய்யாகச் சொன்னால், அடுத்த வாரம் நீங்கள் போகிற பயணத்தின் படத்தை அவர் பார்ப்பார். நம் ஆட்கள் பலர் செய்வது போலத் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு மூன்று பத்தி எழுதுவதும் வேண்டாம். அவ்வளவு நீளத்தைப் பார்த்தாலே ஏதோ பெரிய பிரச்சினை என்று அவர் பதறுவார்.

நான் பேசுவது என் வயதுள்ள, ‘டூ’, அதாவது ‘நீ’, என்று அழைத்துக்கொள்ளும் நண்பர்களை வைத்து. வயதில் மூத்தவர்களிடமோ மேலதிகாரியிடமோ நான் இப்படிக் கேட்டதில்லை. அங்கே இந்தத் தோரணை எடுபடும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

தொகை ஆயிரக்கணக்கில் போனால் செய்தியின் தொனி இரண்டாம் பட்சம்தான். திருப்பித் தரும் நாள் குறிக்காத கடனைப் பற்றி ஜெர்மன் சிவில் சட்டத்தின் 488-ஆம் பிரிவு சொல்வது இது: கொடுத்தவர் முதலில் கடனை முடித்துக்கொள்வதாக அறிவிக்க வேண்டும், அதற்கு மூன்று மாத அவகாசம் உண்டு, வேறு ஏற்பாடு பேசியிருந்தால் தவிர. ஆகவே பெரிய தொகை என்றால் கொடுக்கும்போதே தொகையையும் திருப்பும் தேதியையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தேதி நெருங்கும்போது மேலே சொன்ன ‘wir hatten ja’ செய்தியையே தேதியை மாற்றி அனுப்பலாம்.