மூன்று வருஷம் ஒரே எண்ணைக் காட்டிய எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்

திருவான்மியூரில் கடலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி நாலு மாடி அடுக்ககம். மொட்டை மாடியில் ஹாம் ரேடியோவின் இரண்டு மீட்டர் பேண்டுக்கான கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா, கீழே என் அறையில் 25 வாட் செட், நடுவில் 22 மீட்டர் ஆர்.ஜி.213 கேபிள். செட்டுக்குப் பக்கத்தில் இரட்டை முள் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். ஒரு முள் போகும் பவரைக் காட்டும், இன்னொன்று திரும்பி வரும் பவரை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கோடு போட்டு எஸ்.டபிள்யூ.ஆர். எழுதியிருக்கும். 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் ஏற ஏற மோசம். 2021 ஜனவரியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. வாங்கிய கொஞ்ச நாளில் இந்த விமர்சனத்தை எழுதியிருந்தால் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பேன்.

மாட்டிய அன்று 145 மெகாஹெர்ட்ஸில் 1.3 காட்டியது. நோட்டில் குறித்தேன். 2022இல் 1.3, 2023இல் 1.3. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆன்டெனா சாயவில்லை. பிப்ரவரியில் பார்த்தபோது 1.4. புயலையே தாங்கிவிட்டதே என்று பெருமையாக இருந்தது.

ஆனால் நடுவில் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் தாம்பரம் நண்பர் ஒருவர், “சார், உங்க ஆடியோ பாதி நாய்ஸ்ல முங்குது” என்று சொல்ல ஆரம்பித்தார். மீட்டர் நன்றாக இருக்கிறது, அவர் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் ஒருநாள் அவர் சொன்னது: “ஒண்ணு பண்ணுங்க சார். மேல போய் ஆன்டெனாவைக் கழட்டிடுங்க. கேபிளை வெறுமனே விட்டுட்டு கீழ வந்து எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவுன்னு பாருங்க.”

திறந்த முனையில் அழுத்தினால் திரும்பும் பவரில் செட் கெட்டுவிடுமோ என்று மனம் வரவில்லை. அதற்காகவே நானோவிஎன்ஏ ஒன்று வாங்கினேன். கையளவு பெட்டி, தானே சின்ன சிக்னல் அனுப்பி என்ன திரும்புகிறது என்று அளக்கும். கேபிளின் மேல்முனையில் எதுவுமே இல்லாதபோது அது 1.9 என்று காட்டியது. ஆன்டெனாவே இல்லாத கேபிளுக்கு 1.9!

இது ஏன் அபத்தம் என்று புரிய, கேபிள் முனையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 50 ஓம் கேபிளில் ஒரு திசையில் ஓடும் அலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: எந்த இடத்திலும் அதன் வோல்டேஜைக் கரன்ட்டால் வகுத்தால் 50 வரும். 10 வோல்ட் என்றால் 0.2 ஆம்பியர். முனையில் 150 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வகுத்தால் 150 வந்தாக வேண்டும். வருகிற அலை தனியாக இதைச் சாதிக்க முடியாது. அதனால் முனையில் இன்னொரு அலை பிறந்து வந்த வழியே திரும்புகிறது. அதன் அளவைச் சொல்வதுதான் பிரதிபலிப்புக் குணகம்:

```
Γ = (ZL − Z0) / (ZL + Z0) = (150 − 50) / (150 + 50) = 0.5
```

10 வோல்ட் வந்தால் 5 வோல்ட் திரும்பும். திரும்பும் அலையின் கரன்ட் எதிர்த்திசையில் ஓடுவதால் 0.1 ஆம்பியரைக் கழிக்க வேண்டும். முனையில் மொத்தம் 15 வோல்ட், 0.1 ஆம்பியர். வகுத்தால் 150. கணக்கு நேராகிவிட்டது. முனையில் ஒன்றுமே இல்லாவிட்டால் Γ = 1, வந்தது முழுக்கத் திரும்பும்.

போகும் அலையும் திரும்பும் அலையும் கேபிள் நெடுகச் சில இடங்களில் கூடி 15 வோல்ட் ஆகும், சில இடங்களில் கழிந்து 5 வோல்ட் ஆகும். இந்த மேடு பள்ளம் நகராமல் அப்படியே நிற்கும். அதனால்தான் நிலையலை என்ற பெயர். 145 மெகாஹெர்ட்ஸில் என் கேபிளுக்குள் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 68 சென்டிமீட்டர். மேட்டைப் பள்ளத்தால் வகுத்தால் 3, அதுதான் எஸ்.டபிள்யூ.ஆர்.

```
SWR = (1 + |Γ|) / (1 − |Γ|)
```

பவர் வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே Γ பாதி என்றால் பவரில் கால்பங்குதான் திரும்புகிறது. முனை 150 ஓமுக்குப் பதில் 16.7 ஓமாக இருந்தாலும் இதே 3தான் வரும். எந்தப் பக்கம் தப்பு என்று எஸ்.டபிள்யூ.ஆர். சொல்லாது.

முனை திறந்திருந்து Γ = 1 ஆனால் கீழே பூஜ்யம், எஸ்.டபிள்யூ.ஆருக்கு முடிவே இல்லை. இதெல்லாம் இழப்பே இல்லாத கேபிளுக்கு. நிஜக் கேபிள் போகும்போதும் தின்னும், திரும்பும்போதும் தின்னும். நான் மீட்டரை வைத்திருப்பதோ கீழ்முனையில். அங்கே வந்து சேரும் பிரதிபலிப்பு இரண்டு தடவை வரி கட்டிவிட்டு வந்தது. பவர் எத்தனை பங்கு குறைகிறது என்பதை டெசிபெல்லில் சொல்வார்கள். கேபிளின் இழப்பு 2 டெசிபெல் என்றால் பிரதிபலிப்பு 4 டெசிபெல் மெலிந்து தெரியும். இழப்பு ஏற ஏற மீட்டருக்கு எல்லாமே சுகமாகத் தெரியும்.

என் கேபிள் புதிதாக இருந்தபோது 22 மீட்டருக்கு சுமார் 2 டெசிபெல்தான் தின்றிருக்க வேண்டும். மேல்முனையைத் திறந்து விட்டால் கீழே 4.4 காட்டியிருக்கும். இப்போது 1.9 என்றால் பிரதிபலிப்பு 10 டெசிபெல் குறைந்து வருகிறது, அதாவது ஒரு வழிக்கு 5 டெசிபெல். அடுத்த நாள் நானோவிஎன்ஏவை மாடிக்கே தூக்கிப்போய் ஆன்டெனாவின் அடியில் நேராக மாட்டினேன். 3.0.

25 வாட்டுக்கு என்ன கதி என்று நோட்டில் போட்டுப் பார்த்தேன். 5 டெசிபெல் போனபின் மேலே சேர்வது 7.9 வாட். அதில் கால்பங்கு, 2 வாட், ஆன்டெனா முனையில் முட்டித் திரும்புகிறது. அந்த 2 வாட் மறுபடி 5 டெசிபெல் இழந்து கீழே வரும்போது 0.6 வாட். மீட்டர் பார்ப்பது 25 வாட் போகிறது, 0.6 வாட் வருகிறது என்பதைத்தான். அதற்கு எஸ்.டபிள்யூ.ஆர். 1.4. என் நோட்டில் இருந்ததும் அதே எண்! ஆன்டெனாவுக்குள் போனதோ 6 வாட்டுக்கும் கீழே. 2021இல் அது 15 வாட். ஆன்டெனா கெட்டது எண்ணை ஏற்றியது, கேபிள் கெட்டது இறக்கியது. இரண்டும் சேர்ந்து என்னை ஏமாற்றின. மீட்டர் பொய் சொல்லவில்லை, அது நிற்கும் இடத்தில் நடப்பதைத்தான் சொன்னது.

ஆன்டெனாவில் கோளாறு சாதாரணமானது: அடியில் விரியும் நாலு கம்பிகளில், அதாவது ரேடியல்களில், இரண்டின் அடித்திருகு துருப்பிடித்து ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. உப்புக்காற்று. கேபிளைத்தான் பார்த்திருக்க வேண்டும். மேல் கனெக்டரை வெட்டியதும் உள்ளே பச்சைப் பொடி கொட்டியது. வெளிப்பின்னல் செம்பாக இல்லை, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கருத்துப் போயிருந்தது. ஒரு அடி தள்ளி வெட்டினேன், கருப்பு. இன்னொரு அடி, இன்னும் கருப்பு. திரி எண்ணெயை இழுப்பது போலப் பின்னல் தண்ணீரை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. மூன்றாவது மீட்டரில் வெட்டுவதை நிறுத்திவிட்டேன். நான் கனெக்டர்மேல் சுற்றியது சாதாரண இன்சுலேஷன் டேப். நம்ம ஊர் வெயிலில் பசை உருகி, ஒரே கோடையில் அது வெறும் ரிப்பன்.

புது ஆர்.ஜி.213 போட்டு, கனெக்டர்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிட. ரேடியல் திருகுகள் ஸ்டெயின்லெஸ். இப்போது மாடியில் 1.5, அறையில் 1.3. தாம்பரத்தில் நாய்ஸ் போய்விட்டது. (அவர் “நான்தான் சொன்னேனே” என்று சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார்.)

சரி, பொருட்களைப் பற்றி. இரட்டை முள் மீட்டர் இன்னும் மேசையில் இருக்கிறது. ஒரு கனெக்டர் பிடுங்கிக்கொண்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே முள் துள்ளிக் காட்டிக்கொடுக்கும், அந்த வேலைக்கு அதற்கு ஈடில்லை. குறை, உள்ளே இருக்கும் டையோடு சின்ன சிக்னலைச் சரியாகப் பிடிக்காது. செட்டை 5 வாட்டில் வைத்து அளந்தால் திரும்பும் பவரைக் குறைத்துக் காட்டி எஸ்.டபிள்யூ.ஆரை இன்னும் அழகாக்கும். முழுப் பவரில் பார்த்ததை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

நானோவிஎன்ஏ நன்றாக உழைக்கிறது, ஆனால் சோம்பேறிகளுக்கானது இல்லை. அலைவரிசை எல்லையை மாற்றினால் CAL மெனுவுக்குப் போய் OPEN, SHORT, LOAD மூன்றையும் மறுபடி செய்தால்தான் எண்ணை நம்பலாம். அதுவும் நீங்கள் போடும் அடாப்டரின் முனையில் வைத்துச் செய்ய வேண்டும். கேபிள் இழப்புக்கு, திரும்புவதை டெசிபெல்லில் காட்டும் LOGMAG திரையில் மேல்முனையைத் திறந்து விட்டு வரும் எண்ணைப் பாதியாக்கினால் போதும். கோடு அலை அலையாக இருந்தால் நடுவாக ஒரு எண் எடுப்பேன். தண்ணீர் புகுந்த கேபிள் எல்லா இடத்திலும் 50 ஓமாகவும் இருக்காது என்பதால் அது தோராயம்தான். வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது, மாடிக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். அந்தச் சின்ன சாக்கெட்டுகள் திருகித் திருகித் தேய்கின்றன, ஒரு குட்டி அடாப்டரை நிரந்தரமாக மாட்டி வைத்திருக்கிறேன். செட் அனுப்பும் பவரைத் தப்பித்தவறி அதற்குள் விட்டுவிடாதீர்கள், அந்த நிமிஷமே கதை முடிந்தது.

ஒவ்வொரு போகி அன்றும் காலையில் ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளைத் திறந்து விட்டு, கீழே வரும் எண்ணைக் குறிக்கிறேன். இந்தச் சோதனையில் மட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். எவ்வளவு மோசமோ அவ்வளவு சந்தோஷம். புதுக் கேபிளின் முதல் போகிக்கு 4.4 இருந்தது. அடுத்ததில் 4.2. பொங்கல் முடிந்ததும் மேல் கனெக்டரின் டேப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.